பல்பு வாங்கியதைக் கேப்ஷனாக எழுத: ‘நாட் மீ’, ‘தி வே ஐ’ இரண்டையும் சரியாகப் பிடிப்பது எப்படி

கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு வீங்கி ஒரு செல்ஃபி. அதற்குக் கீழே இப்படி ஒரு வரி:

```
not me crying over a cartoon dog 😭
```

அழுதவர் படத்திலேயே இருக்கிறார், வரியோ ‘நான் இல்லை’ என்கிறது. இந்த எழுத்து பழகாதவர்கள் இங்கேதான் முதலில் முழிக்கிறார்கள்: அப்படியென்றால் யார் அழுதது? அவரேதான். அசடு வழிந்த ஒரு செயலை, தானே போட்டு உடைத்துக்கொண்டே ‘அது நான் இல்லப்பா’ என்று கைவிரிப்பதுதான் விளையாட்டு. யாரும் நம்ப வேண்டும் என்று சொல்லப்படும் மறுப்பு அல்ல இது, நம்பவே முடியாத அளவுக்கு ஆதாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லப்படுவது.

இதற்கு ஒரு கூட்டாளி உண்டு, ‘தி வே ஐ’. அது மறுக்காது. நான் செய்ததை, செய்த விதத்தைப் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கி, அப்படியே பாதியில் நின்றுவிடும்:

```
the way i RAN to the door
```

ஓடிய விதம்... என்ன? மடத்தனமா, வேடிக்கையா, வெட்கக்கேடா? சொல்லவில்லை. வாக்கியத்துக்குப் பயனிலையே இல்லை. இலக்கணப்படி பார்த்தால் முடியாத வாக்கியம், கேப்ஷனாகப் பார்த்தால் முடிந்துபோன வாக்கியம்.

இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதை ஒரு வரியாவது தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கக் கறுப்பினத்தவர்களின் ஆங்கிலத்திலும், அங்குள்ள பால்புதுமையினரின் பேச்சிலும் புழங்கிய நடை இது. 2020 வாக்கில் டிக்டாக், ட்விட்டர் வழியாக எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது. இப்போது பலரும் ‘இளசுகள் மொழி’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், அது பாதி உண்மைதான். இதில் நடைமுறையான ஒரு விஷயமும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, அதை இந்த இரண்டு அச்சிலும் வார்த்துப் பார்க்கலாம்.

படி 1: முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

சம்பவம் இது. எதிரே வருகிறவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைக்கிறார். யாரென்று நினைவில்லை, ஆனாலும் மரியாதைக்கு நீங்களும் பெரிதாகக் கையசைக்கிறீர்கள். அவர் உங்களைக் கடந்து போய், உங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கட்டிப்பிடிக்கிறார். உங்கள் கை இன்னும் காற்றில் இருக்கிறது. இறக்கினால் தோற்றதுபோல ஆகிவிடும் என்று, அந்தக் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிவிடுகிறீர்கள், என்னமோ அதற்காகத்தான் கையைத் தூக்கியதுபோல.

இதை இப்படி நீட்டி எழுதிப் பார்க்காமல் நேரே கேப்ஷனுக்குத் தாவினால், பெரும்பாலும் ‘தப்பான ஆளுக்குக் கையசைத்துவிட்டேன்’ என்ற அளவிலேயே நின்றுபோவீர்கள். அது எல்லோருக்கும் நடப்பது, எல்லோரும் ஏற்கெனவே எழுதியது.

படி 2: எந்த நொடியில் அசடு வழிந்தது என்று தேடுங்கள்

கையசைத்தது ஒரு சாதாரணத் தவறு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் எங்கே இருக்கிறது என்றால், அதை மறைக்கப் போட்ட நாடகத்தில். முடியைக் கோதினீர்களே, அதில். இந்தக் கேப்ஷன்களில் சுவையாக இருப்பவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான்: தவறைப் பற்றி எழுதுவதில்லை, தவறுக்குப் பிறகு கை கால் என்ன செய்தது என்பதைப் பற்றி எழுதுகின்றன.

ஆகவே ஒரு சோதனை. உங்கள் வரியில் உடம்பு ஏதாவது செய்கிறதா? கோதியது, ஓடியது, ஒளிந்தது, தலையாட்டியது, போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல நடித்தது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வினை இருந்தால் வரி நிற்கும். ‘ரொம்பக் கூச்சமாக இருந்தது’ என்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் படிக்கிறவர் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

படி 3: எந்தத் தொடர் என்று முடிவெடுங்கள்

இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பல இடங்களில் போடலாம்தான், ஆனால் தொனி மாறும்.

‘நாட் மீ’ கையும் களவுமாகப் பிடிபட்டவரின் குரல். செயல் இப்போது கண்முன்னே நடந்துகொண்டிருப்பதுபோல இருக்கும், அதைச் செய்கிறவரும் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவரும் ஒரே ஆள். அதனால் ‘இதை நான் செய்வேனென்று நானே நினைக்கவில்லை’ என்னும் இடங்களுக்கு இது பொருந்தும். இனி அந்த வெப் சீரிஸைப் பார்க்கவே மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு நள்ளிரவில் ஆறாவது பகுதி ஓடிக்கொண்டிருந்தால், அது ‘நாட் மீ’.

‘தி வே ஐ’ அளவைக் காட்டுவது. எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், எவ்வளவு சட்டென்று. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும் குரல் இது. செய்தது என்ன என்பதைவிட எந்த லட்சணத்தில் செய்தீர்கள் என்பதுதான் வேடிக்கை என்றால் இதை எடுங்கள். இன்னும் நடக்காததற்கும் இது வரும்: அந்த நிலைமையில் நானாக இருந்தால் அப்படியே விழுந்திருப்பேன் என்று மிகைப்படுத்த, `the way i would` என்று தொடங்குவார்கள். ‘நாட் மீ’க்கு அந்த வசதி கிடையாது, அதற்கு நடந்த குற்றம் ஒன்று வேண்டும்.

நம் கையசைப்புக்கு இரண்டும் பொருந்தும். பாருங்கள்:

```
not me fixing my hair like that was the plan all along
```

```
the way i turned that wave into a hair flip 💀
```

முதல் வரியில் நீங்கள் இன்னும் அங்கேயே நிற்கிறீர்கள், கை தலையில் இருக்கிறது, நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலிலிருந்தே இதுதான் திட்டம் என்பதுபோல என்ற பின்பகுதிதான் உயிர், அது பொய்யை இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறது. இரண்டாவது வரியில் நாடகம் முடிந்துவிட்டது, கை திரும்பிய அந்த லாகவத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறீர்கள். வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, என்னா சமாளிப்பு என்று. என்னைக் கேட்டால் இந்தச் சம்பவத்துக்கு இரண்டாவதுதான் கனகச்சிதம், ஏனென்றால் இங்கே வேடிக்கை அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. ஆனால் படமாக உங்கள் கை தலையில் இருக்கும்போது யாரோ எடுத்த புகைப்படம் கிடைத்திருந்தால், யோசிக்காமல் முதலாவதைப் போடுவேன்.

படி 4: வரியின் எலும்பைச் சரிபாருங்கள்

இங்கேதான் புதியவர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். ‘நாட் மீ’க்குப் பின்னால் நேரடியாக `-ing` வினை. இடையில் `is`, `was`, `am` எதுவும் வராது. `not me is crying` என்று எழுதினால் அந்த விளையாட்டே கலைந்துவிடும். `me` என்பதை `I` என்று ‘திருத்தவும்’ கூடாது, பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே உதவிக்கு வராது. காலம் காட்டும் வேலையும் வினைக்கு இல்லை, நேற்று அழுததாக இருந்தாலும் `crying`தான். பத்திரிகைப் புகைப்படத்துக்குக் கீழே போடும் விளக்க வரியும் இதே உருவத்தில்தான் இருக்கும், யார், என்ன செய்துகொண்டு, எங்கே என்று. அந்த விளக்க வரியின் தலையில் ஒரு ‘நாட்’ வைத்தது போலத்தான் இது வேலை செய்கிறது, நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

‘தி வே ஐ’ நேர்மாறு. அதற்குப் பின்னால் காலம் காட்டும் வினை வேண்டும்: `ran`, `screamed`, `just sat there`. `the way i running` கிடையாது. `I`க்குப் பதில் உடம்பில் ஏதாவது ஒன்றை எழுவாயாக்குவதும் உண்டு, `the way my jaw dropped` என்று. தாடைதான் செய்தது, நான் ஒன்றும் செய்யவில்லை என்னும் தோரணை.

`I`யைச் சின்ன எழுத்தில் போடுவதும், கடைசியில் முற்றுப்புள்ளி வைக்காமல் விடுவதும் பலருக்குப் பழக்கம். கட்டாயமில்லை, ஆனால் முற்றுப்புள்ளி வைத்தால் வரி கொஞ்சம் விறைத்துப்போகும். ஒரு சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினால் அதைக் கத்திச் சொல்வதாகப் பொருள், அதனால் ஒரு வரியில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 💀 என்றால் சிரித்தே செத்தேன், அல்லது மானம் போய்ச் செத்தேன், இரண்டுமே இங்கே பொருந்தும்; யாரும் காலமாகிவிடவில்லை. 😭வும் பெரும்பாலும் அழுகை இல்லை.

படி 5: வாலை வெட்டுங்கள்

நல்ல கேப்ஷன்கள் கெட்டுப்போகும் இடம் இதுதான். எழுதியவருக்குத் திடீரென்று பயம் வந்துவிடுகிறது, படிக்கிறவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று. உடனே ஒரு தீர்ப்பை ஒட்டிவிடுகிறார்:

```
the way i turned that wave into a hair flip was so embarrassing
```

இப்போது இது ஒழுங்கான வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, சிரிப்பு மட்டும் இல்லை. ‘எவ்வளவு வெட்கக்கேடு’ என்பதைப் படிக்கிறவர் மனதுக்குள் சொல்லிக்கொள்வதற்காகத்தான் வாக்கியம் பாதியில் நிறுத்தப்பட்டது, அதை நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கு வேலையில்லை. ‘நாட் மீ’யிலும் இதே கதை. `not me fixing my hair, i felt so stupid lol` என்று எழுதினால், மறுத்த வாய் மூடுவதற்குள் ஒப்புக்கொண்டதாகிறது. மறுப்பும் வாக்குமூலமும் ஒரே வரியில் இருக்கக் கூடாது. ஒப்புக்கொள்ளும் வேலையைப் படமோ, வீடியோவோ, வினைச்சொல்லோ பார்த்துக்கொள்ளட்டும்.

அப்படியென்றால் படமே இல்லாமல் வெறும் எழுத்தாக எழுதினால்? அப்போது ஆதாரம் முழுவதும் வரிக்குள்ளேயே இருக்க வேண்டும், அதனால் ஒரு துல்லியமான விவரம் கட்டாயம். `not me being awkward` என்பதில் ஆதாரம் இல்லை, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முடியைக் கோதியதைச் சொன்னால் தெரிகிறது. வெட்டிவிட்டு ஒருமுறை படியுங்கள். காட்சி தெரிந்தால் போதும், காரணம் தெரிய வேண்டியதில்லை.

தமிழில் எழுதுவதானால்

‘நான் இல்லை அழுதுகொண்டிருப்பது’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அது தமிழும் இல்லை, நகைச்சுவையும் இல்லை. தேவையும் இல்லை, நம்மிடம் இதே வேலையைச் செய்யும் பேச்சு ஏற்கெனவே இருக்கிறது.

‘தி வே ஐ’க்கு நிகராக நாம் தினமும் சொல்வது: ‘நான் ஓடின ஓட்டம் இருக்கே...’, ‘அப்போ நான் முழிச்ச முழி இருக்கே...’. இதுவும் பாதியில்தான் நிற்கிறது, இதுவும் தீர்ப்பு சொல்வதில்லை, கேட்கிறவர் தானாகச் சிரித்துக்கொள்கிறார். ஓடின ஓட்டம், முழிச்ச முழி, வழிஞ்ச வழிசல் என்று வினையையே பெயராக்கித் திருப்பிச் சொல்வதால் அளவு தானாக ஏறிவிடுகிறது. அப்படி ஜோடி சேராத வினையாக இருந்தால் ‘பாருங்க’ கைகொடுக்கும்: ‘தூக்கின கையை அப்படியே தலைக்குத் திருப்பினேன் பாருங்க’.

‘நாட் மீ’க்கு இரண்டு வழி. ஒன்று நேரடியாகப் புளுகுவது: ‘கையசைச்சது நான் இல்லை. நான் முடியைக் கோதிக்கிட்டு இருந்தேன், அவ்ளோதான்.’ இன்னொன்று தன்னையே மூன்றாம் மனிதராக்குவது: ‘இங்க ஒருத்தி அஞ்சு நிமிஷமா முடியையே கோதிக்கிட்டு நிக்கிறா.’ படத்தில் இருப்பது நீங்கள்தான் என்பதால் ‘ஒருத்தி’ யாரென்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வழி எழுத்தில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பது என் கணக்கு, ஏனென்றால் அதில் மறுப்பு வெளியே தெரிவதே இல்லை, விலகி நிற்பது மட்டும் தெரிகிறது. எதுவானாலும் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். ‘யான் ஓடிய ஓட்டம்’ என்று ஏறினால் அது வேறு வகைக் கிண்டலாகிவிடும்.

எங்கே போடக் கூடாது

அடிப்படை விதி ஒன்றுதான், அசடு வழிந்தது நீங்களாகவும் அடிபட்டது உங்கள் மானம் மட்டுமாகவும் இருக்க வேண்டும். தோழியின் பிறந்தநாளை மறந்துவிட்டு ‘நாட் மீ’ போட்டுப் பதிவிட்டால், மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் கோமாளியாகி, அவரைச் சிரிக்கச் சொல்கிறீர்கள். அவர் சிரித்தாலும் உள்ளே சிரிக்கமாட்டார். வேலையில் செய்த பிழை, யாருக்கோ பணம் நஷ்டம், யாரையோ புண்படுத்தியது, இவற்றிலும் அப்படித்தான். பொய் மறுப்பு விளையாட்டாக இருக்க வேண்டுமானால், உண்மை மறுப்பு தேவைப்படாத விஷயமாக இருக்க வேண்டும். நிஜமாகவே குற்றச்சாட்டு இருக்கும் இடத்தில் ‘நாட் மீ’ என்று எழுதினால் அதை அப்படியே, நேரடிப் பொருளில் படிப்பார்கள்.

பெருமையை வெட்கமாக வேடமிடுவதும் உடனே பிடிபடும். பதவி உயர்வு கிடைத்ததற்கு ‘நாட் மீ’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் அசடு எங்கே வழிந்தது? அந்தச் செய்தியைக் கேட்டதும் மேலாளரிடம் ‘உங்களுக்கும் வாழ்த்துகள்’ என்று உளறியிருந்தால், அந்த உளறலுக்குப் போடுங்கள், அப்போது பதவி உயர்வும் ஓரமாகத் தெரிந்துவிடும்.

`not you`, `not him` என்று பிறரைச் சுட்டும் வடிவமும் உண்டு. ‘நீயா இதைச் செய்யறே’ என்ற செல்லச் சீண்டல் அது, நெருங்கியவர்களிடம் மட்டும் செல்லும். தெரியாத ஒருவரின் படத்துக்குக் கீழே போய் எழுதினால் அது கேலிதான், வேறு பெயரில்லை.

முன்பு சொன்ன நடைமுறை விஷயம். இந்தத் தொடர்களை ஒரு வரியில் ஒன்று எடுத்துக்கொள்வது ஒரு மாதிரி, அவை வந்த இடத்துப் பேச்சையே மொத்தமாகப் போர்த்திக்கொண்டு அந்த மக்களைப் போல ‘நடித்து’ எழுதுவது வேறு மாதிரி. இரண்டாவது, அந்த மொழியைப் பேசி வளர்ந்தவர்களுக்கு எரிச்சலூட்டுகிறது, அதைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். கேப்ஷனாகப் பார்த்தாலும் அது தோற்றதுதான், நீங்கள் அசடு வழிந்ததைச் சொல்ல வேறொருவர் குரல் எதற்கு? அடுத்தடுத்து மூன்று பதிவுக்கு ஒரே தொடக்கம் போடுவதும் அலுப்பூட்டும். ஒருமுறை ‘நாட் மீ’ போட்டால் அடுத்ததை வெறும் வாக்கியமாக எழுதுங்கள், தொடக்கச் சூத்திரம் இல்லாமலேயே முடியைக் கோதிய கதைக்குச் சிரிப்பு வரும்.

அடுத்தவர் எழுதியிருந்தால் பதில் சொல்வது

எழுதுவதைவிடப் பதில் சொல்வதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘நாட் மீ’ என்று அழுத படம் போட்டவரிடம் ‘அப்புறம் யார் அழுதது?’ என்று கேட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு அவர் விளக்க உரை எழுத வேண்டியிருக்கும். ‘ஐயோ, என்ன ஆச்சு, எல்லாம் நலமா?’ என்று பதறுவதும் பொருந்தாது, அவர் உதவி கேட்கவில்லை. நீங்களும் அதே படகில் இருந்தால் உங்கள் சொந்த ஆதாரத்தைக் கொடுங்கள், ‘அதே நாய்க்கு நான் இடைவேளையிலேயே அழுதாச்சு’ என்பதுபோல. இல்லையென்றால் பொய்க்குத் துணை போங்கள்: ‘ஆமாம், படத்துல இருக்கறது வேற யாரோ, உங்களை மாதிரியே இருக்காங்க.’

ஒரே ஒரு விதிவிலக்கு. ஒருவர் தொடர்ந்து தூக்கம் வராததையும் சாப்பிடாததையும் அழுததையும் மட்டுமே இந்த அச்சில் எழுதிக்கொண்டிருந்தால், சிரிப்பு முகமூடி நழுவத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கமென்ட்டில் எல்லோர் முன்னாலும் எதுவும் எழுத வேண்டாம், தனியாக ஒரு போன் போடுங்கள்.